மின்மினி என்று பெயர் வைத்த கதை

எங்கள் வீட்டுச் சாமான் அறையில் 38 டி-சட்டைகள் பெட்டிக்குள் அப்படியே இருக்கின்றன. அறுபதாக அச்சடித்தால் விலை குறையும் என்றார்கள், அடித்தோம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நாங்கள் நடத்திய விடுமுறை நிகழ்ச்சிக்கு வந்த பிள்ளைகள் 22 பேர். மிச்சத்தை அடுத்த ஆண்டு கொடுத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னோம். சட்டையின் நெஞ்சுப் பகுதியில் பெரிய எழுத்தில் இருந்த வரி இது: ‘ஈசூன் ஜூன் விடுமுறைக் கதை முகாம் 2019’.

அடுத்த ஆண்டுக்கு என்று நினைத்தவர்கள் சட்டையில் இந்த ஆண்டைப் போட்டிருக்கக் கூடாது. அது எங்களுக்கு உடனே புரிந்தது. அந்த வரியில் 2019ஐ அழித்துவிட்டால்கூட சட்டை பயன்படாது என்பது புரிய இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு சொல்லாக அந்தப் பெயர் எங்கள் கண்முன்னே உதிர்ந்தது. ‘விடுமுறை’ என்ற ஒன்று மட்டும்தான் தப்பியது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்காக ஏதாவது நடத்தி, அதை ஆண்டுதோறும் தொடர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பெயரில் இடம்பெறாமலே போன ஒரு சொல்லைப் பற்றி. நான் திருச்சியில் வளர்ந்தவன். பிள்ளைகளுக்கான விடுமுறை நிகழ்ச்சி என்றாலே என் வாயில் ‘கோடை முகாம்’ என்றுதான் வரும். முதல் கூட்டத்தில் அதைத்தான் தாளில் எழுதிக்கொண்டு போனேன். இங்கேயே பிறந்து வளர்ந்த ஆசிரியை ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “எந்தக் கோடை அண்ணா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கும் ஊரில் ஆண்டு முழுவதும் ஒரே வெயில்தான், இடையிடையே மழைதான். இங்குள்ள பிள்ளைக்கு ‘கோடை’ என்பது பாடநூலில் இருக்கும் ஒரு சொல். உடம்பால் அறிந்த பருவம் அல்ல. அக்கினி நட்சத்திரத்தில் பள்ளி மூடும் ஊரில் அந்தப் பெயர் பொருந்துகிறது. இங்கே பள்ளிக்கூடம் மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டிறுதியில் ஏறக்குறைய ஆறு வாரம் என்று மூடுகிறது. ஆகவே கோடையை விட்டுவிட்டு மாதத்தைப் பிடித்துக்கொண்டோம். அது இன்னும் பெரிய பிழையாக முடிந்தது.

2020இல் நோய்ப்பரவலை முறியடிக்கும் கட்டுப்பாடுகள் ஏப்ரல் 7ஆம் தேதி தொடங்கின. அவை ஜூன் 1 வரை நீண்டன. அப்போது கல்வி அமைச்சு ஜூன் விடுமுறையையே முன்னால் நகர்த்தி, மே 5ஆம் தேதி முதல் விடுமுறை என்று அறிவித்துவிட்டது. நாங்களும் விடவில்லை, திரைவழியாக நடத்தினோம். பிள்ளைகள் வீட்டில் இருந்தபடி கதை கேட்டார்கள். ஆனால் மே மாதம் இரண்டாம் வாரத்தில் ‘ஜூன் விடுமுறைக் கதை முகாம்’ என்ற தலைப்போடு அழைப்பு போனது. “ஜூனில்தானே, பிறகு பதிந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்” என்று நான்கு தாய்மார்கள் பிறகு சொன்னார்கள். அவர்கள் மீது தவறே இல்லை. அழைப்பில் தேதி சிறிய எழுத்தில் கீழே இருந்தது, மாதம் பெரிய எழுத்தில் மேலே இருந்தது. மனிதர்கள் பெரிய எழுத்தைத்தான் நம்புவார்கள்.

இப்படி ஒரு நோய் வந்தால்தானே மாதம் மாறும், அது எப்போதோ ஒரு முறைதானே என்று தோன்றலாம். அப்படி இல்லை. ஜூன் விடுமுறை பல ஆண்டுகளில் மே மாதக் கடைசி வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. முதல் வாரத்தில் நடத்தினால் பாதி நாட்கள் மேயில் விழும். அதற்கும் மேலாக, 2022இல் எங்களுக்கு இடம் தந்தவர்கள் கட்டடத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள், ஜூனில் அறை இல்லை. ஆண்டிறுதி விடுமுறையில்தான் நடத்த முடிந்தது. அதுவும் ஈசூனில் இல்லை, செம்பவாங்கில். இரண்டு எம்ஆர்டி ரயில் நிலையம் தள்ளிப் போனதும் பெயரில் இருந்த ‘ஈசூன்’ பொய்யாகிவிட்டது. அறையை இரவல் வாங்கி நடத்துகிறவர்கள் பெயரில் இடத்தைச் சேர்ப்பது, வாடகை வீட்டுக் கதவில் கல்வெட்டு வைப்பது மாதிரி.

‘முகாம்’ என்ற சொல் வேறு வகையில் காலை வாரியது. இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் நிகழ்ச்சி காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை, நான்கு நாள். ஆனால் இந்த ஊரில் தொடக்கநிலை ஐந்து வாக்கில் பள்ளியே பிள்ளைகளை இரண்டு மூன்று நாள் வெளியே தங்கவைக்கும் முகாமுக்கு அழைத்துப் போகிறது. தேசிய சேவை செய்த அப்பாக்களுக்கோ முகாம் என்றால் ராணுவ முகாம்தான். “பாய் கொண்டுவர வேண்டுமா?”, “இரவு யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்ற கேள்விகள் ஒவ்வோர் ஆண்டும் வந்தன. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். கேட்காமலே, ஏழு வயதுப் பிள்ளையை இரவு தங்க அனுப்ப மாட்டோம் என்று முடிவுசெய்து விலகியவர்கள் எத்தனை பேர் என்பதை அறிய வழியே இல்லை.

‘கதை’யின் கதை சிறியது. மூன்றாம் ஆண்டு அறிவியல் சோதனைகள் செய்தோம், கதை முகாமில் எதற்கு எலுமிச்சம்பழமும் மின்கம்பியும் என்று பிள்ளைகளே கேட்டார்கள்.

ஆகவே 2023இன் தொடக்கத்தில், எங்களில் ஏழு பேர் ஒருவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, பெயரைப் புதிதாக வைப்பது என்று முடிவுசெய்தோம். அன்று முதலில் பேசியது எந்தப் பெயர் என்பதை அல்ல, பெயருக்குள் எது வரக் கூடாது என்பதைத்தான். ஆண்டு, மாதம், இடம், பாடப்பொருள், நாள் கணக்கு, இப்போது நடத்துபவரின் பெயர், பணம் தந்தவரின் பெயர் ஆகிய எதுவும் வரக் கூடாது. இவை எல்லாமே மாறுகிறவை. மாறுகிறவற்றைப் பெயருக்குக் கீழே தனி வரியில் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் 1952இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாளை எடுத்துக்காட்டினார். பொங்கலை ஒட்டிய விழாதான், ஆனால் பெயரில் பொங்கல் இல்லை, ஆண்டு இல்லை, இடமும் இல்லை. எந்தச் சமயத்துத் தமிழரும் எந்த ஊரிலும் அதே பெயரில் கொண்டாடலாம். சிங்கப்பூரில் தமிழர்கள் ஏற்கெனவே செய்து காட்டிய வேலை அது.

வயதைப் பற்றிய பேச்சு நீண்டது. ‘மழலை’, ‘அரும்பு’, ‘மொட்டு’, ‘தளிர்’ எல்லாம் உடனே மேசைக்கு வந்தன. பாலர் பள்ளிகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட சொற்கள் என்பது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை வேறு. நிகழ்ச்சி ஆண்டுதோறும் வர வேண்டும் என்றால் பிள்ளைகளும் திரும்பி வர வேண்டும். முதல் ஆண்டு ஏழு வயதில் வந்த சிறுவன் ஐந்தாம் ஆண்டில் பதினொரு வயதில் நிற்பான். பதினொரு வயதுச் சிறுவன் தன்னை மொட்டு என்று அழைக்கும் இடத்துக்கு நண்பனை அழைத்து வரமாட்டான். பதினான்கு வயதில் அவன் தொண்டூழியனாக வர வேண்டும் என்பது எங்கள் ஆசை. அந்தப் பெயர் பொறித்த சட்டையை அவன் அப்போதும் கூச்சமில்லாமல் போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளையைச் சிறியவனாகக் காட்டும் எந்தச் சொல்லும் வேண்டாம் என்று அத்தோடு முடிவானது.

கூட்டம் முடியும்போது கையில் நான்கு பெயர்கள் இருந்தன: பம்பரம், ஊஞ்சல், குயில், மின்மினி. எனக்கு அப்போது ஊஞ்சல்தான் பிடித்திருந்தது. எது பிடித்திருக்கிறது என்று ஓட்டெடுக்க வேண்டாம், எது தாங்கும் என்று பார்ப்போம் என்று அந்த ஆசிரியை சொன்னார். அவர் வகுத்த சோதனை எளிமையானது. இன்றும் எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன்.

பிள்ளைகள் பன்னிரண்டு பேரிடம் நான்கு பெயர்களையும் தமிழ் எழுத்தில் காட்டிப் படிக்கச் சொன்னோம். அவர்களில் பாதிப்பேர் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்கள். பிறகு பெற்றோர் ஒன்பது பேரிடம் பெயரை வாயால் சொல்லி, கைபேசியில் ஆங்கில எழுத்துகளில் தட்டி அனுப்பச் சொன்னோம். இரண்டாவது பகுதிதான் கண்ணைத் திறந்தது. நம் பெயரைத் தமிழில் எவ்வளவு அழகாக எழுதினாலும், இந்த ஊரில் பதிவுப் படிவத்திலும் தேடுபொறியிலும் அம்மா அப்பாவின் விரல்கள் தட்டுவது ஆங்கில எழுத்துகளைத்தான்.

பம்பரத்துக்கு நான்கு வடிவங்கள் வந்தன: `pambaram`, `bambaram`, `pamparam`, `bamparam`. தமிழில் ப என்ற ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப இரண்டு ஒலி பெறுகிறது, நமக்கு அது தானாக வருகிறது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்துக்கொள்கிறார்கள். ஊஞ்சலுக்கு `oonjal`, `unjal`, `oonchal`, `uunjal` என்று வந்தது. ஞ்ச வரும் இடமும் நெடிலும் சேர்ந்தால் இப்படித்தான். ழ, ள, ற வரும் சொற்களை முதலிலேயே நீக்கியிருந்தோம், இல்லையென்றால் இன்னும் சிதறியிருக்கும். என் விருப்பப் பெயர் அந்த நிமிடத்தோடு விழுந்தது.

குயில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் விடியற்காலையில் அது யாரையும் தூங்கவிடாத பறவை, பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மூன்று பேர் அதை `kuil` என்று தட்டியிருந்தார்கள். எங்கள் புளோக்கில் இருக்கும் மலாய்க்கார அக்காவிடம் அதைக் காட்டினோம். “கோயிலா? கோயிலில் வகுப்பா?” என்று கேட்டார். மலாய் மொழியில் `kuil` என்று எழுதினால் இந்துக் கோயில் என்று பொருள், நம் ‘கோயில்’ அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. முஸ்லிம், கிறிஸ்துவத் தமிழ்ப் பிள்ளைகளும் வரும் நிகழ்ச்சி இது. அறிவிப்புப் பலகையில் அந்தப் பெயரைப் பார்க்கும் ஒருவர், இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. நான்கு மொழிகள் அருகருகே ஒட்டப்படும் பலகை இது. தமிழ்ப் பெயர் ஒன்று மற்ற மூன்று மொழிக்காரர் காதில் எப்படி விழுகிறது என்று கேட்டுப் பார்ப்பது அன்று முதல் எங்கள் வழக்கமாயிற்று.

மின்மினிக்கு ஒன்பது பேரும் `minmini` என்றே அனுப்பினார்கள். ஒன்பதும் ஒன்று. பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. மி, ன், மி, னி என்று நான்கே எழுத்துகள், அதில் இரண்டு ஒன்றே. வேற்றுமை உருபு சேர்த்தாலும் உருக்குலைவதில்லை: மின்மினிக்கு, மின்மினியில், மின்மினியோடு. ‘பம்பரம்’ என்றால் உருபு சேர்ந்ததும் பம்பரத்துக்கு, பம்பரத்தில் என்று ஆகிவிடும். தமிழ்ப் பேச்சில் ஒரு பெயர் தனியாக நிற்பது அரிது, எப்போதும் ஏதாவது ஓர் உருபைச் சுமந்துகொண்டே வரும். “நாளைக்கு மின்மினிக்குப் போக வேண்டும்” என்று ஒரு பிள்ளை சொல்லிப் பார்த்தபோது அறையில் இருந்த எல்லோருக்கும் அது சரியாகக் கேட்டது.

பொருளும் பொருந்தியது. அதைச் சோதனைக்குப் பிறகுதான் பேசினோம், அந்த வரிசை முக்கியம். ஈசூனுக்குப் பக்கத்தில் இருக்கும் நீ சூன் சதுப்புக் காட்டில் வாழும் ஒரு மின்மினி இனத்தைப் புதிய இனம் என்று 2021இல்தான் அறிவியலாளர்கள் விவரித்தார்கள். லூசியோலா சிங்கப்பூரா என்று பெயரும் வைத்தார்கள். 1909க்குப் பிறகு இங்கே கண்டறியப்பட்ட முதல் புதிய மின்மினி இனம் அது. எங்கள் பெயரில் ஈசூன் என்ற சொல் இல்லை. ஆனால் கேட்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லலாம், செம்பவாங்குக்குப் போனாலும் சொல்லலாம். இடத்தைப் பெயரில் பூட்டாமல் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் வழி இது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மின்மினி நாங்கள் மட்டும் கண்டுபிடித்த சொல் அல்ல. தேடினால் வேறு பலவும் வரும். அதனால் பெயரோடு எப்போதும் ஒரு விளக்க வரி வரும்: ‘விடுமுறைப் பட்டறை’. அந்த வரியை எழுதும்போது ஒரு சிறு சிக்கலைக் கவனித்தோம். ‘மின்மினி’க்கு அடுத்து ‘பட்டறை’ நேராக வந்தால், ஒருவர் ‘மின்மினிப் பட்டறை’ என்று எழுதுவார், இன்னொருவர் ப் இல்லாமல் எழுதுவார். பெயரின் வாலில் ஓர் எழுத்து முளைத்தும் மறைந்தும் கொண்டிருக்கும். நடுவில் ‘விடுமுறை’ வந்தால் வ வல்லினம் அல்ல என்பதால் ஒற்று மிகாது. அதற்கு மேலும் பாதுகாப்பாக, பெயரைத் தனி வரியிலேயே எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்.

வணிகக் குறியாகப் பதியலாமா என்று ஒருவர் கேட்டார். சிங்கப்பூரில் ஒரு பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம், கல்வி நிகழ்ச்சிகள் 41ஆம் வகுப்பில் வரும். ‘விடுமுறைக் கதை முகாம்’ போல நடப்பதை அப்படியே சொல்லும் பெயர்களுக்கு அந்த வழி கிட்டத்தட்ட மூடியிருக்கும், யாரும் பயன்படுத்த வேண்டிய பொதுச் சொற்களை ஒருவருக்கு மட்டும் கொடுக்கமாட்டார்கள். கட்டணம் வாங்காத தொண்டூழியர்கள் ஏழு பேருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்று விட்டுவிட்டோம். அதைவிட அவசரமாகத் தோன்றியது கணக்குகள். பழைய பதிவுப் பக்கத்தின் முகவரியிலேயே 2019 இருந்தது, அதைத் திறந்தவர் வெளிநாடு போய்விட்டார். இப்போது கணக்கின் பெயரில் ஆண்டு கிடையாது, கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கிறது.

குறுஞ்செய்தியிலும் வேறுபாடு தெரிந்தது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70தான், அதிலும் ‘மி’ என்பது கண்ணுக்கு ஒன்று, கணக்கில் இரண்டு. பழைய பெயர் இடைவெளிகளோடு 37 இடங்களைத் தின்றது, தேதியும் இடமும் எழுத மிச்சம் 33தான். மின்மினிக்கு எட்டு இடங்கள் போதும்.

பெயர் வைத்த பிறகும் ஒரு முறை தவறினோம். 2023இல் பிள்ளைகள் நீரைப் பற்றிப் படித்தார்கள். தலைப்பு ‘ஆறு எங்கே போகிறது?’. சுவரொட்டி வரைந்தவருக்கு அந்தத் தலைப்பு மிகவும் பிடித்துவிட்டது, அதைப் பெரிதாகவும் ‘மின்மினி’யை மூலையில் சிறிதாகவும் போட்டார். மிக அழகான சுவரொட்டி. மறு ஆண்டு பதிவு தொடங்கியதும் ஒரு தாய் கேட்டார்: “இந்த ஆண்டு அந்த ஆறு நிகழ்ச்சி இல்லையா? மின்மினி என்று வேறு ஏதோ வந்திருக்கிறதே.” பெயர் மேலே பெரிதாக, ஆண்டின் தலைப்பு கீழே அதில் பாதி அளவில் என்ற விதியை அதற்குப் பிறகுதான் எழுதிவைத்தோம். ‘எத்தனையாவது ஆண்டு’ என்று எண்ணைப் போடுவதையும் விட்டுவிட்டோம். விட்டுப்போன ஆண்டுகளைக் கழிப்பதா சேர்ப்பதா என்று எங்களுக்குள்ளேயே கணக்கு ஒத்துவரவில்லை.

இப்போது எங்களிடம் ஒரே ஒரு துணிப் பதாகை இருக்கிறது. கருநீலத் துணி, மேலே மஞ்சள் நூலால் ‘மின்மினி’ என்று தைத்திருக்கிறது, அதன் கீழ் ‘விடுமுறைப் பட்டறை’. அதற்கும் கீழே கையகலத்துக்கு ஒட்டுப்பட்டை வைத்து வெற்றிடம் விட்டிருக்கிறோம். ஆண்டின் தலைப்பையும் தேதியையும் தனித்தனித் துணிப் பட்டைகளில் எழுதி அங்கே ஒட்டுகிறோம். 2019இல் ஒன்பது வயதில் வந்த பெண் இப்போது தொண்டூழியர், பட்டைகளை எழுதுவது அவளுடைய பொறுப்பு. நிகழ்ச்சி முடிந்த மாலையில் அவள் அந்த ஆண்டின் பட்டையைப் பிய்த்தெடுத்து, சுருட்டி, பழைய மைலோ டப்பாவில் போட்டு மூடிவைக்கிறாள். பதாகையை நான் மடித்து, அந்த 38 சட்டைகள் இருக்கும் பெட்டியின் மேல் வைக்கிறேன்.